கண்டிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள்

"மகன் பதினொன்றாம் வகுப்பு. பத்தாவது வரை நல்ல மார்க் எடுத்தவன், இப்போது ஒவ்வொரு பரீட்சையிலும் இறங்கிக்கொண்டே வருகிறான். 'அடியாத மாடு படியாது, இன்னும் கண்டிப்பாக இருந்தால்தான் சரிப்படும்' என்கிறார் கணவர். 'இந்த வயதில் விட்டுத்தான் பிடிக்கணும்' என்பது என் எண்ணம். வளர்ச்சி உளவியல் இதில் யார் பக்கம்?"

நீங்கள் இருவரும் சொல்வதில் ஆளுக்குப் பாதி சரி. நாம் 'கண்டிப்பு' என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. இரவு பத்து மணிக்கு மேல் போன் கிடையாது, வெளியே போனால் எங்கே என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், வீட்டுப்பாடம் முடித்துவிட்டுத்தான் மேட்ச். இது ஒரு வகை. "உன்னால் எனக்கு வெளியே தலை காட்ட முடியவில்லை" என்று சொல்வது, மார்க் குறைந்தால் இரண்டு நாள் பேசாமல் இருப்பது, அத்தை மகனோடு ஒப்பிடுவது. இது இன்னொரு வகை. முதலாவது பிள்ளை என்ன செய்கிறான் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது அவன் மனதையே பிடித்து இழுக்கிறது. முதலாவது இருக்கும் வீட்டில் படிப்பு பொதுவாக நன்றாக இருக்கிறது, இரண்டாவது கூடும் வீட்டில் குறைகிறது. அதனால் கண்டிப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்று பேசிக்கொண்டிருந்தால் உங்கள் வீட்டு விவாதம் முடியாது. எந்தக் கண்டிப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பிரிப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் உங்கள் கணவரிடம் பேசுவதும் எளிது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டயானா பாம்ரிண்ட் 1960களில் சின்னக் குழந்தைகளையும் அவர்கள் பெற்றோரையும் நேரில் கவனித்து மூன்று வளர்ப்பு முறைகளைப் பிரித்துக் காட்டினார். சொன்னதைச் செய், ஏன் என்று கேட்காதே என்பது அதிகார வளர்ப்பு. பிள்ளை கேட்பதற்கெல்லாம் தலையாட்டுவது செல்ல வளர்ப்பு. விதியும் உண்டு, அதற்குக் காரணமும் சொல்வார்கள், பிள்ளை சொல்வதையும் காதில் வாங்குவார்கள் என்பது மூன்றாவது. அதை இங்கே வழிநடத்தும் வளர்ப்பு என்று வைத்துக்கொள்கிறேன். பிறகு 1983இல் எலினார் மக்கோபியும் ஜான் மார்ட்டினும் இதை இரண்டே கேள்விகளாகச் சுருக்கினார்கள். பெற்றோர் பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள்? பிள்ளையின் தேவைக்கு எவ்வளவு செவிசாய்க்கிறார்கள்? இரண்டும் அதிகம் என்றால் வழிநடத்தும் வளர்ப்பு. எதிர்பார்ப்பு மட்டும் அதிகம் என்றால் அதிகாரம், செவிசாய்ப்பது மட்டும் அதிகம் என்றால் செல்லம். இரண்டுமே இல்லாதது நான்காவது, கண்டுகொள்ளாத வளர்ப்பு. பிள்ளைகளுக்கு அதிகக் கேடு இந்த நான்காவதில்தான்.

இதை வளரிளம் பருவத்து மார்க்கோடு சேர்த்துப் பெரிய அளவில் பார்த்தது 1987இல் வந்த ஆய்வு. சான்பிரான்சிஸ்கோ பகுதி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 7,836 பேரிடம் சான்ஃபர்ட் டோர்ன்புஷ் குழுவினர் கேட்டறிந்தார்கள். அதிகார வளர்ப்பும் செல்ல வளர்ப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மார்க் குறைவாகவும், வழிநடத்தும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிகமாகவும் இருந்தது. ஆனால் ஒரு முடிச்சு விழுந்தது. ஆசிய வம்சாவளி மாணவர்களின் வீடுகள் கேள்வித்தாளின்படி அதிகார வளர்ப்பில் மேலே இருந்தன. மார்க்கிலும் அவர்கள்தான் மேலே இருந்தார்கள்.

உங்கள் கணவர் இதைக் கேட்டால் "பார்த்தாயா, நான் சொன்னதுதானே" என்பார். அந்த முடிச்சை அவிழ்க்க உதவியவர் ரூத் சாவ். அமெரிக்காவில் வந்து குடியேறிய சீனத் தாய்மார் 'கண்டிப்பு' என்பதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அவர் 1994இல் எழுதினார். சீன மொழியில் 'குவான்' என்று ஒரு சொல் உண்டு. அடக்கி ஆள்வது என்றும் பொருள், பார்த்துக்கொள்வது, அக்கறை காட்டுவது என்றும் பொருள். அந்தத் தாய்மார் டிக் அடித்த 'கண்டிப்பு'க்குள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதும், தன் வசதியை விட்டுக்கொடுப்பதும் அடக்கம். அமெரிக்கக் கேள்வித்தாள் இதையெல்லாம் அதிகாரக் கணக்கில் எழுதிவிட்டது என்பது அவர் வாதம்.

அப்புறம் 2013இல் சூ யோங் கிம் குழுவினரின் ஆய்வு வந்தது. வட கலிபோர்னியாவில் 444 சீன அமெரிக்கக் குடும்பங்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அன்பும் இருக்கிறது, கூடவே அவமானப்படுத்துவதும் அடக்குவதும் இருக்கிறது என்ற வகை வளர்ப்பை, அன்பும் காரணம் சொல்லுதலும் மேலோங்கிய ஆதரவான வளர்ப்போடு ஒப்பிட்டார்கள். ஆதரவான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் மார்க்கும் அதிகம், மனச்சோர்வும் குறைவு. இவை சீனக் குடும்பங்கள், அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் ஆசியப் பிள்ளைகள் அடக்கினால்தான் படிப்பார்கள் என்ற நம்பிக்கை, அந்தக் குடும்பங்களிலேயே நிற்கவில்லை.

நான் முதலில் சொன்ன இரண்டு வகைக்கும் ஆய்வுலகில் இன்று வழங்கும் பெயர்கள் நடத்தைக் கட்டுப்பாடு, உளவியல் கட்டுப்பாடு. பிரையன் பார்பர் 1996இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இரண்டாவது தனியாகக் கவனம் பெற்றது. அது ஒரு வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்பதற்கு, என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பத்தாவதில் 500க்கு 462 எடுத்த பெண். பதினொன்றில் முதல் இடைத்தேர்வில் இயற்பியலில் 50க்கு 17. அந்தப் பேப்பரை வீட்டில் காட்டவில்லை. அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்துவிட்டாள். பெற்றோர் கூட்டத்தில் விஷயம் வெளியே வந்தது. அப்பா அன்றிரவு, "உனக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்படறேன், அதுக்கு நீ குடுக்கற பரிசா இது?" என்று கேட்டார். அம்மா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். போன் பிடுங்கப்பட்டது. இரண்டாவதாக ஒரு டியூஷன் சேர்த்தார்கள். அவளும் இரவு பன்னிரண்டு வரை புத்தகத்தோடு உட்கார்ந்தாள். காலாண்டில் 70க்கு 22.

நேரம் கூடியது, மார்க் ஏறவில்லை. ஏன் என்று அவளிடமே கேட்டேன். டியூஷனில் ஒரு கணக்கு புரியவில்லை என்றால் கேட்பாளா என்றேன். கேட்க மாட்டாளாம். "கேட்டா, இது கூடத் தெரியலையான்னு சார் அப்பாக்கு போன் பண்ணிடுவாரு." இந்த ஒரு வரியில் முழு விளக்கமும் இருக்கிறது. பெற்றோரின் பாசமே மார்க்கோடு கட்டப்பட்டுவிட்டால், பிள்ளைக்குத் தெரியாததை ஒளித்து வைப்பது பாடத்தைக் கற்பதைவிட அவசரமான வேலையாகிவிடுகிறது. ஒளித்து வைத்தால் சந்தேகம் கேட்க முடியாது. சந்தேகம் கேட்காமல் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலைத் தாண்ட முடியாது. கூடவே, பரீட்சையில் உட்கார்ந்திருக்கும்போது "வீட்டில் என்ன ஆகும்" என்ற கவலை மனதில் ஓடினால், கணக்கின் படிகளை நினைவில் பிடித்து வைக்க வேண்டிய இடத்தை அந்தக் கவலை எடுத்துக்கொள்கிறது. குற்றவுணர்ச்சி பிள்ளையை நாற்காலியில் உட்கார வைக்கும். உட்கார்ந்தபின் பாடத்தில் மனதை நிறுத்துவது அதனால் ஆகாது.

பத்து வயதில் இதே முறை பலித்ததே என்று பெற்றோர் கேட்பார்கள். வயதுதான் வித்தியாசம். வளரிளம் பருவத்தில் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையில் எது பெற்றோரின் எல்லை, எது தன் சொந்த எல்லை என்று கோடு போட ஆரம்பிக்கிறார்கள் என்று ஜுடித் ஸ்மெட்டனா நீண்ட காலம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். பாதுகாப்பு, பிறருக்குத் தீங்கு செய்யாமை போன்றவற்றில் பெற்றோர் விதி போடலாம் என்று பதினாறு வயதுப் பிள்ளையும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. தலைமுடி, நண்பர்கள், என்ன பிடிக்கும், என்ன நினைக்கிறேன் என்பதெல்லாம் என்னுடையது என்கிறது. நடத்தைக் கட்டுப்பாடு பெரும்பாலும் முதல் எல்லைக்குள் நிற்கும், அதனால் முனகினாலும் ஏற்பார்கள். உளவியல் கட்டுப்பாடு நேராக இரண்டாவது எல்லைக்குள் நுழைகிறது. அங்கே பிள்ளைக்கு இரண்டே வழி, சண்டை போடுவது அல்லது மறைப்பது. இந்தப் பெண் மறைத்தாள்.

அந்த வீட்டில் நாங்கள் மாற்றியது அதிகமில்லை. போன் விதியை எடுக்கவில்லை, தெளிவாக்கினோம். பத்து மணிக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜில், அப்பாவுடையதும் சேர்த்து. பகலில் போன் திரும்பக் கிடைத்தது. பேசாமல் இருப்பதையும் "உனக்காகத்தானே" என்பதையும் நிறுத்தச் சொன்னேன். அம்மாவுக்கு இது சிரமமாக இருந்தது. கோபம் வந்தால் "இப்ப எனக்குக் கோவமா இருக்கு, நாளைக்குப் பேசறேன்" என்று வாயால் சொல்லிவிடுங்கள், ஆனால் சாப்பிடக் கூப்பிடுவது நிற்கக் கூடாது என்றேன். மூன்றாவது, ஞாயிறு மாலை அரை மணி நேரம் அப்பா அவளோடு உட்கார வேண்டும். பாடம் நடத்த இல்லை. திருத்திய பேப்பரை வைத்துக்கொண்டு, மார்க் எங்கே போனது என்று அவள் சொல்ல, அவர் கேட்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் அந்த அரை மணி நேரமும் விசாரணை போலத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் காலாண்டுப் பேப்பரில் ஒரு கணக்கு வந்தது. சாய்தளத்தில் ஒரு பெட்டி, அதைக் கீழே இழுக்கும் விசை என்ன? mg sin θ வர வேண்டிய இடத்தில் அவள் mg cos θ எழுதியிருந்தாள். அப்பா, ஐடிஐ படித்து ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவர், "எப்படிம்மா இது சைனுன்னு தெரியும்?" என்று உண்மையாகவே தெரியாமல் கேட்டிருக்கிறார். அவளுக்கும் தெரியவில்லை. பத்தாவதில் முக்கோணவியலை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்தே மார்க் வாங்கியிருக்கிறாள். ஒரு விசையை இரண்டு கூறுகளாகப் பிரிப்பது என்ற அடிப்படையே விட்டுப்போயிருந்தது. வெக்டர் வரும் எல்லாக் கணக்கிலும் மார்க் அங்கேதான் கசிந்தது. அப்பா கேட்ட கேள்வியில் பயமில்லை. அதனால் அவளால் "எனக்கும் தெரியலப்பா" என்று சொல்ல முடிந்தது. அடுத்த நாள் பள்ளி ஆசிரியையிடம் அதையே கேட்டாள்.

அரையாண்டில் 70க்கு 38. பெரிய தாவல் இல்லை, வளர்ப்பு முறை மட்டும் இதைச் செய்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆசிரியை சொல்லிக்கொடுத்ததால் வந்த மார்க் அது. ஆனால் ஆசிரியையிடம் போக வழி திறந்தது வீட்டில்தான்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்று பெற்றோருக்கு நன்றாகத் தெரிந்த வீடுகளில் பிள்ளைகள் கெட்டுப்போவது குறைவு என்று பல காலமாகத் தெரியும். அதை வைத்து, நெருக்கமாகக் கண்காணியுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லி வந்தார்கள். ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் ஸ்வீடனில் பதினான்கு வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் பெற்றோரையும் வைத்து, அந்த விவரமெல்லாம் பெற்றோருக்கு எப்படித் தெரிய வந்தது என்று 2000இல் கேட்டுப் பார்த்தார்கள். துருவிக் கேட்டோ கட்டுப்படுத்தியோ தெரிந்துகொண்டதைவிட, பிள்ளை தானாக வந்து சொன்னதால் தெரிந்ததே அதிகம். பையைச் சோதிப்பது, நண்பன் வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பது, டியூஷன் சாரிடம் ரிப்போர்ட் கேட்பது இதெல்லாம் கண்காணிப்பு என்று நாம் நினைக்கிறோம். இவற்றால் கிடைக்கும் தகவல் கொஞ்சம்தான். அதற்காகப் பிள்ளை தானாகச் சொல்வது நின்றுபோனால், கிடைத்ததைவிட இழந்தது அதிகம்.

படிப்பில் பெற்றோர் தலையிடுவதற்கும் இதே நியாயம்தான். லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் குழுவினர் 1992இல் சுமார் 6,400 மாணவர்களிடம் பார்த்தபோது, பள்ளிக் கூட்டத்துக்குப் போவது, பாடத்தில் அக்கறை காட்டுவது போன்றவை வழிநடத்தும் வீடுகளில் நன்றாகப் பலன் தந்தன. மற்ற வீடுகளில் அதே செயல்களுக்குப் பலன் குறைவு. செய்வது ஒன்றேதான், வீட்டின் சூழல் அதன் பொருளை மாற்றிவிடுகிறது. "மார்க் என்ன?" என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் அது அக்கறை, இன்னொரு வீட்டில் அது விசாரணை.

சரி, இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் பின்குவார்ட் 2016இல் 308 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார். வளர்ப்பு முறைக்கும் மார்க்குக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் அது சிறியது. ஆசிரியர், பள்ளி, வீட்டின் வருமானம், முந்தைய வகுப்பில் விட்டுப்போன அடிப்படை என்று இன்னும் பலதும் சேர்ந்துதான் மார்க் ஆகிறது. அதனால் மகனின் மார்க் இறங்கியதற்கு நாங்கள்தான் காரணம் என்று நீங்கள் இருவரும் உங்களையே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, காரணம் ஒரு திசையில் மட்டும் ஓடுவதில்லை. பெற்றோர் அடக்குவதால் மார்க் குறைவது போலவே, மார்க் குறைவதால் பெற்றோர் பயந்து அடக்கத் தொடங்குவதும் உண்டு. உங்கள் வீட்டில் இந்த இரண்டாவதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் பத்தாவது வரை இந்தப் பேச்சே எழவில்லை. மார்க் இறங்குகிறது, அப்பா இறுக்குகிறார், பையன் ஒளிக்கிறான், மார்க் இன்னும் இறங்குகிறது. இந்தச் சுழலை முதலில் உடைக்க முடிவது பெரியவர்களால்தான். அதற்காக விதிகளையும் சேர்த்து அவிழ்த்துவிட்டால் செல்ல வளர்ப்பில் போய் நிற்போம், அங்கேயும் மார்க் குறைகிறது. நீங்கள் 'விட்டுப் பிடிப்பது' என்று சொல்வதில் அந்த ஆபத்து இருக்கிறது. போன் நேரம், தூக்கம், வீட்டுக்கு வரும் நேரம் மூன்றையும் விடாதீர்கள்.

எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கடந்த ஒரு மாதத்தில் மகனுடைய கெட்ட செய்தி எதுவும் அவன் வாயிலிருந்தே உங்களுக்கு வந்ததா என்று யோசியுங்கள். எல்லாமே பள்ளி வழியாகவோ, பையைத் திறந்து பார்த்தோதான் தெரிந்தது என்றால், முதலில் சரிசெய்ய வேண்டியது அந்த வழியைத்தான். இன்னொரு அடையாளம், படிக்கும் நேரம் கூடியும் மார்க் இறங்குவது. அப்போது இன்னொரு டியூஷன் சேர்க்கும் முன், எந்தக் கணக்கில் எந்த வரியில் மார்க் போகிறது என்று பேப்பரைப் பாருங்கள். தூக்கம் கெட்டிருக்கிறது, சாப்பாடு குறைந்துவிட்டது, பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிட்டான் என்றால் விஷயம் வளர்ப்பு முறையைத் தாண்டியது. அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள். போர்டு தெரியவில்லை என்று ஒரு நாளாவது சொல்லியிருந்தால் கண்ணையும் சோதித்துவிடுங்கள்.

கணவரிடம் இதை "நீங்கள் செய்வது தப்பு" என்று ஆரம்பித்தால் எடுபடாது. அவர் கேட்கும் கண்டிப்பில் பாதி தேவை என்று ஒத்துக்கொண்டு, அந்தப் பாதியை அவரையே எழுதச் சொல்லுங்கள். மூன்று அல்லது நான்கு விதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். மகனும் உட்கார்ந்திருக்கும்போது படித்துக் காட்டட்டும், அவன் மாற்றம் கேட்டால் காது கொடுங்கள். அந்தத் தாளில் இல்லாத கண்டிப்பு, அதாவது ஒப்பிடுவது, பேசாமல் இருப்பது, குத்திக்காட்டுவது, மூன்று மாதம் நிற்கட்டும் என்று கேளுங்கள். மூன்று மாதம் என்பது ஒரு பரீட்சையிலிருந்து அடுத்த பெரிய பரீட்சை வரை, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் அப்பாவும் இப்படித்தான் சம்மதித்தார். ஜனவரியில் அவர் எனக்குப் போன் செய்தார். வேதியியல் தேர்வில் 25க்கு 8 வாங்கியிருக்கிறாள் என்றார். குரலில் வருத்தம் இல்லையே என்று கேட்டேன். "பேப்பர் குடுத்த அன்னைக்கு சாயங்காலமே அவளே கொண்டு வந்து காட்டினா சார். எந்த இடத்துல விட்டான்னும் அவளே சொல்லிட்டா."